டிவியின் பின்னால் இருக்கும் துளைகள்: எது உள்ளே வாங்குவது, எது வெளியே அனுப்புவது

கேள்வி: புதிதாக 43 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கிறோம். நாளை மறுநாள் சுவரில் மாட்ட ஆள் வருகிறார். பின்னால் ஒரே மாதிரி மூன்று எச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி, ஏவி என்று ஒரு சின்ன வட்டத் துளை, இன்னும் என்னென்னவோ இருக்கின்றன. எது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடியுமா? எங்களிடம் கேபிள் செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், பழைய டிவிடி பிளேயர், ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. சவுண்ட்பாரை எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்துப் பார்த்தேன், சத்தமே வரவில்லை.

பதில்:

துளையின் வடிவத்தைப் பார்த்து அடையாளம் காண முயல்வதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். வடிவத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தத் துளை வழியாகப் படமோ ஒலியோ டிவிக்குள் வருகிறதா, டிவியிலிருந்து வெளியே போகிறதா? டிவியின் பின்புறத்தில் உள்ளவற்றில் ஏறக்குறைய எல்லாமே உள்ளே வாங்குபவை. வெளியே அனுப்புபவை வழக்கமாக மூன்றுதான்: ஹெட்போன் துளை, ஆப்டிகல் துளை, எச்டிஎம்ஐ துளைகளில் ஏஆர்சி என்று கூடுதலாக எழுதப்பட்ட ஒன்று. ஏவி, ஆண்டெனா, மற்ற எச்டிஎம்ஐ துளைகள் ஆகிய எதிலிருந்தும் ஒலி வெளியே வராது. உங்கள் சவுண்ட்பார் பேசாமல் இருப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். ஒலியை உள்ளே வாங்க மட்டுமே தெரிந்த ஒரு துளையில் அதைச் செருகியிருப்பீர்கள்.

ஏஆர்சி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பின்புறத்தில் மிகவும் பயனுள்ளதும் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த ஒரு துளைதான். எச்டிஎம்ஐ முனைக்குள் 19 முள்கள் இருக்கின்றன. 2002இல் இந்த இணைப்பு முதலில் வந்தபோது படமும் ஒலியும் ஒரே திசையில், அதாவது பிளேயரிலிருந்து டிவிக்கு மட்டுமே சென்றன. அப்போது அது போதுமானதாக இருந்தது. பின்னர் டிவியே இணையத்திலிருந்து படங்களை எடுத்துக் காட்டத் தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒலி பிறக்கும் இடம் டிவியாகிவிட்டது. அதை வெளியில் இருக்கும் ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோக இன்னொரு தனி ஒயர் தேவைப்பட்டது. அதைத் தவிர்ப்பதற்காக 2009இல் வந்த 1.4 பதிப்பில், அதே எச்டிஎம்ஐ ஒயரின் 14ஆவது முள்ளையும் 19ஆவது முள்ளையும் பயன்படுத்தி ஒலியை மட்டும் எதிர்த்திசையில் அனுப்பும் வழி சேர்க்கப்பட்டது. ஏஆர்சி என்பது அந்தத் திரும்பும் பாதையின் பெயர்.

இதற்கான மின்சுற்றைத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக ஒரே ஒரு துளைக்குத்தான் வைக்கிறார்கள். அது ஒன்றாம் எண்ணாக இருக்கலாம், இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே எண்ணை நம்பாமல், துளையின் அருகில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று அச்சிடப்பட்டிருப்பதைத் தேடுங்கள். முன்னால் ‘இ’ சேர்ந்திருப்பது 2017இல் வந்த 2.1 பதிப்பின் மேம்பட்ட வடிவம். இது சுருக்கப்படாத பல தட ஒலியையும் கொண்டுசெல்லும். செட்டாப் பாக்ஸும் ஓடிடி தளங்களும் மட்டுமே பார்க்கும் வீட்டுக்குப் பழைய ஏஆர்சியே போதும்.

சவுண்ட்பாரின் பக்கத்திலும் இதே கவனம் தேவை. அதிலும் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தால், ஏஆர்சி என்றோ டிவிக்கு என்றோ எழுதியிருக்கும் துளையிலிருந்துதான் ஒயர் வர வேண்டும். மற்றது பிளேயர்களைச் செருகுவதற்கானது. இரண்டு முனைகளும் சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால், டிவியின் மெனுவில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது ஒலி வெளியீடு. அங்கே டிவி ஸ்பீக்கர் என்றிருப்பதை எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது, கருவிகள் ஒன்றையொன்று ரிமோட் கட்டளையால் இயக்கிக்கொள்ளும் சிஇசி என்ற வசதி. இதை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தப் பெயரில் வைத்திருப்பதால்தான் பலர் மெனுவில் தேடிக் களைத்துப்போகிறார்கள். சாம்சங்கில் Anynet+, எல்ஜியில் SimpLink, சோனியில் BRAVIA Sync என்று திரையில் தெரியும். பல டிவிகளில் இது அணைந்திருந்தால் ஏஆர்சியும் வேலை செய்யாது. இது இயங்கத் தொடங்கியதும் டிவி ரிமோட்டின் வால்யூம் பொத்தானே சவுண்ட்பாரின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இணைப்பு சரியாகிவிட்டதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

ஆப்டிகல் துளையைத் தேடுவது சுலபம். ஏறத்தாழச் சதுரமாக, இரண்டு மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டு, வாயில் ஒரு சிறு மூடியோடு இருக்கும். டிவி ஓடும்போது அந்த மூடியை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சமே ஒலித் தகவல். மின்சாரத்துக்குப் பதிலாக ஒளித்துடிப்பாக ஒரு பிளாஸ்டிக் இழை வழியே அது போகிறது. 1983இல் தோஷிபா நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. சவுண்ட்பாரில் ஏஆர்சி இல்லாவிட்டாலோ, டிவியின் ஏஆர்சி துளை வேறு காரணத்துக்குத் தேவைப்பட்டாலோ இதைப் பயன்படுத்தலாம். இதில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, இந்த வழியில் கட்டளைகள் போகாது என்பதால் ஒலியளவுக்குப் பெரும்பாலும் சவுண்ட்பாரின் ரிமோட்டையே எடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, டால்பி அட்மாஸ் போன்ற புதிய ஒலி வடிவங்கள் இதில் செல்லா. சாதாரண ஸ்டீரியோவும் பழைய 5.1 ஒலியும்தான் செல்லும். நன்மையும் ஒன்று இருக்கிறது. இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பே இல்லாததால், பூமித்தொடர்பு சரியில்லாத வீடுகளில் ஸ்பீக்கரில் எழும் ‘உம்ம்’ என்ற இரைச்சல் இந்த ஒயர் வழியாக வர வாய்ப்பே இல்லை.

ஆப்டிகல் ஒயர் வாங்கும்போது அதன் இரு நுனிகளிலும் கண்ணாடி போன்ற சிறு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதைக் கழற்றாமலே அழுத்திச் செருகிவிட்டு ‘ஒயர் நிற்கவில்லை, சத்தம் வரவில்லை’ என்று சொன்னவர்களின் வீடுகளுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். உறையைக் கழற்றி, வெட்டிய மூலைகளைப் பொருத்தி மெதுவாகத் தள்ளினால் ‘கிளிக்’ என்று உட்காரும். அதன் பிறகும் ஒலி வராவிட்டால் டிவியின் ஒலி வடிவத்தை PCM என்று மாற்றிப் பாருங்கள். சவுண்ட்பாருக்குப் புரியாத வடிவில் டிவி அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த மாற்றத்திலேயே அது பேசத் தொடங்கிவிடும்.

ஹெட்போன் துளையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3.5 மில்லிமீட்டர் வட்டத் துளை அது. செருகியதும் பெரும்பாலான டிவிகளில் உள் ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஆனால் இதே அளவில், இதே வடிவில் இன்னும் ஒன்றிரண்டு துளைகள் பின்னால் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று ஏவி, மற்றொன்று சர்வீஸ். இம்மூன்றையும் பிரித்தறிய எழுத்தைத் தவிர நம்பத் தகுந்த வேறு அடையாளம் இல்லை. மஞ்சள் நிற வளையம் இருந்தால் அது ஏவி என்று கொள்ளலாம்.

இனி உள்ளே வாங்கும் எச்டிஎம்ஐ துளைகள். செட்டாப் பாக்ஸை ஏஆர்சி அல்லாத எந்தத் துளையிலும் செருகலாம். கேபிள் பாக்ஸ் தரும் படத்துக்கு எல்லாத் துளைகளும் சமம்தான். லேப்டாப்பையோ விளையாட்டுக் கருவியையோ இணைக்கும்போதுதான் துளைகளுக்கு இடையிலான வேறுபாடு வெளியே தெரியும். ஒரே டிவியில் ஒரு துளை 2.0 ஆகவும் மற்றொன்று 1.4 ஆகவும் இருப்பது உண்டு. 1.4 துளை விநாடிக்கு 10.2 கிகாபிட் வரை தாங்கும், 2.0 துளை 18 கிகாபிட் தாங்கும். 4கே படத்தை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்க ஏறக்குறைய இந்த 18 முழுவதுமே வேண்டும். அதனால் 1.4 துளையில் செருகினால் படம் வரத்தான் செய்யும், ஆனால் விநாடிக்கு 30 முறையே புதுப்பிக்கப்படும். மவுஸை அசைத்தால் அம்பு விட்டுவிட்டு நகர்வதைப் பார்த்து இதை உடனே கண்டுபிடித்துவிடலாம். துளையின் அருகில் 4கே, 60 என்று எழுதப்பட்டிருந்தால் லேப்டாப்புக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படித் தேர்ந்தெடுத்த பிறகும் 30தான் வருகிறதென்றால், டிவி அந்தத் துளையை வேண்டுமென்றே பழைய நிலையில் வைத்திருக்கக்கூடும். சாம்சங்கில் Input Signal Plus என்றும், எல்ஜியில் HDMI Deep Colour என்றும், சோனியில் HDMI signal format என்றும் இருக்கும் அமைப்பை அந்தத் துளைக்கு மட்டும் மாற்றினால் வேகம் திறந்துகொள்ளும்.

‘2.0 ஒயர்’, ‘2.1 ஒயர்’ என்று கடையில் கேட்பதில் பயனில்லை. பதிப்பு எண் துளைக்கு உரியது, ஒயருக்கு அதிவேகம், உயர்ரக அதிவேகம் என்பது போன்ற தர முத்திரைதான் உண்டு. மூன்று மீட்டருக்குள் நல்ல ஒயர் எதுவும் 4கே படத்தைத் தாங்கும். நீளம் கூடக் கூட, படம் ஒரு விநாடி கருத்துப்போய் மீண்டும் வருவதும், நட்சத்திரம் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் மின்னுவதும் தொடங்கும். சுவருக்குள் குழாய் வைத்து ஒயரை இழுப்பதாக இருந்தால், மாட்டுவதற்கு முன்பே தரையில் டிவியை வைத்து அந்த ஒயரை ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஆண்டெனா துளை. நடுவில் ஒரு சிறு ஓட்டை, சுற்றிலும் உலோக வளையம். தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயரை நேராக இதில் செருகிப் படம் பார்த்த பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் மனத்தில் இருக்கிறது. கேபிள் முழுவதும் டிஜிட்டலுக்கும் சங்கேதக் குறியீட்டுக்கும் மாறிய பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. தெரு ஒயர் செட்டாப் பாக்ஸின் பின்னால்தான் போக வேண்டும், பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐயோ ஏவியோ வர வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில் இந்தத் துளை காலியாகவே இருக்கும், அதனால் குறை ஒன்றுமில்லை.

சில டிவிகளில் இதற்குப் பக்கத்தில் திருகு மரை உள்ள இன்னொரு துளையும் இருக்கும். அது டிஷ்ஷுக்கானது. சங்கேதமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களைத் தனிப் பாக்ஸ் இல்லாமலே இதன் வழியாகப் பார்க்க இயலும்; கட்டணச் சேனல்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் பாக்ஸ் வேண்டும். டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்என்பி என்ற சிறு கருவியை இயக்குவதற்காக இந்தத் துளை 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை ஒயரில் மேலே அனுப்புகிறது. எனவே டிஷ் தவிர வேறு எந்த ஒயரையும் இதில் திருகக் கூடாது.

உங்கள் டிவிடி பிளேயருக்கு வருகிறேன். அதன் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று வட்டத் துளைகள் இருக்கும். மஞ்சள் படம், வெள்ளை இடப்பக்க ஒலி, சிவப்பு வலப்பக்க ஒலி. பழைய டிவிகளிலும் இதே மூன்று இருந்ததால் நிறத்துக்கு நிறம் செருகினால் வேலை முடிந்தது. இப்போதைய மெல்லிய டிவிகளில் மூன்றையும் வைக்க இடமில்லாததால், அவற்றை ஒரே 3.5 மில்லிமீட்டர் துளைக்குள் அடக்கிவிட்டார்கள். நீங்கள் சொன்ன ஏவி வட்டம் அதுதான். அதற்குள் செல்லும் முனையில் மூன்று கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட நான்கு உலோகப் பட்டைகள் இருக்கும்: படத்துக்கு ஒன்று, ஒலிக்கு இரண்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான தரைத்தொடர்புக்கு ஒன்று.

இங்கேதான் பலரை அலையவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. நான்கு பட்டைகளில் எது எதற்கு என்பதில் எல்லா நிறுவனங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. டிவியுடன் பெட்டியில் வந்த குட்டை ஒயர் சரியாக வேலை செய்யும். அது தொலைந்துபோய், பார்வைக்கு அச்சாக அதே மாதிரி இருக்கும் இன்னொன்றைக் கடையில் வாங்கினால், படம் வராமல் ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்று ஓர் இரைச்சல் மட்டும் கேட்கலாம். அந்த இரைச்சல், படத்துக்கான சைகை ஒலிப்பாதையில் நுழைந்துவிட்டதன் அடையாளம். உடனே ஒயரைத் தூக்கி எறிய வேண்டாம். மஞ்சள் முனை இருக்கும் இடத்தில் சிவப்பையும், சிவப்பின் இடத்தில் மஞ்சளையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் வெள்ளையோடு மாற்றுங்கள். தரைத்தொடர்புப் பட்டை மட்டும் சரியான இடத்தில் இருந்தால் இந்த மூன்று நிறங்களை இடம் மாற்றுவதாலேயே படம் வந்துவிடும். எப்படி மாற்றினாலும் படம் உருண்டு ஓடிக்கொண்டும் இரைச்சலோடும் இருந்தால், தரைத்தொடர்பின் இடமே வேறு என்று பொருள். அந்த ஒயர் உங்கள் டிவிக்கு உதவாது.

டிவிடியின் படம் 4கே திரையில் மங்கலாகத் தெரிவது டிவியின் குற்றமன்று. டிவிடியில் இருப்பதே 576 வரிகள்தான், 4கே திரையில் 2160 வரிகள் உள்ளன. பிளேயரில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வரிகள் கூடாவிட்டாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்காமல் எழுத்துகள் தெளிவாக நிற்கும்.

உங்கள் டிவியில் இல்லாவிட்டாலும், சற்றுப் பழைய டிவி வைத்திருப்பவர்கள் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு மூன்று துளைத் தொகுதியைப் பார்த்திருப்பார்கள். இது காம்போனென்ட். படத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பும் முறை இது. ஒலிக்கு அதன் பக்கத்திலேயே வெள்ளையும் சிவப்பும் தனியாக உண்டு. இப்படி ஒரே வரிசையில் இரண்டு சிவப்புகள் நிற்பதால் ஒன்றை மற்றதில் செருகிவிடுவது இயல்பு. இடம் மிச்சப்படுத்துவதற்காகச் சில டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொதுவாக இருக்கும். அப்போது அதன் ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்று இருக்கும். அந்த அடையாளம் இல்லாத பச்சையில் மஞ்சள் முனையைச் செருகினால், அல்லது டிவி அதைக் காம்போனென்ட் என்று எடுத்துக்கொண்டால், படம் கறுப்பு வெள்ளையில் வரும். பச்சை வழியாகப் போவது வெளிச்ச அளவு மட்டுமே என்பதுதான் காரணம். நிறமே இல்லாத படத்தைக் கண்டால் திரை பழுது என்று பயப்படாமல் முதலில் இந்தத் துளையைப் பாருங்கள்.

மஞ்சள், சிவப்பு முனைகளைச் செருகும் முன் இரண்டு கருவிகளையும் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். இதற்குக் காரணம் முனையின் அமைப்பில் இருக்கிறது. இவ்வகை முனையில் நடுமுள் நீண்டிருப்பதால், வெளி வளையம் தொடுவதற்கு முன்பே நடுமுள் உள்ளே தொட்டுவிடும். இரு முள் பிளக் கொண்ட பாக்ஸ், பிளேயர் ஆகியவற்றின் உலோக உடலில் மெல்லிய கசிவு மின்சாரம் எப்போதும் இருக்கும். கையை வைத்தால் சுரீர் என்று உணர்வது அதுதான். தரைத்தொடர்பு இணையும் முன் அந்தக் கசிவு படச் சைகையின் பாதையிலேயே பாயும். எச்டிஎம்ஐயில் வெளி உலோகக் கூடு முதலில் தொடுவதால் ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

யூஎஸ்பி துளைகளைப் பார்ப்போம். இவை பெரும்பாலும் படம், பாட்டு, புகைப்படம் உள்ள பென்டிரைவுக்காக இருப்பவை. கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கவும் பயன்படும், ஆனால் எவ்வளவு என்பதில் வரம்பு உண்டு. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தரக் கடமைப்பட்டிருப்பது 0.5 ஆம்பியர்; நீல நாக்கு உள்ள 3.0 துளை 0.9 ஆம்பியர். பென்டிரைவுக்கு இது தாராளம். சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் ஏறக்குறைய ஓர் ஆம்பியர் வரை இழுக்கும். டிவியில் செருகியதும் டிஸ்க் ‘டிக்... டிக்...’ என்று ஒலித்துக்கொண்டு திரையில் தோன்றாமலே இருந்தால், மின்சாரம் போதவில்லை என்று கொள்ளுங்கள். அந்த நிலையில் அதை விட்டுவைத்தால் டிஸ்க்குக்கே கேடு. துளைகளில் ஒன்றின் அருகில் எச்டிடி என்றோ 1 ஆம்பியர் என்றோ எழுதியிருந்தால் டிஸ்க்கை அதில் செருகுங்கள், இல்லாவிட்டால் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கி இடையில் வையுங்கள். எச்டிஎம்ஐயில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சிகளுக்கும் இதே விதிதான். அவற்றை டிவியின் யூஎஸ்பியில் ஓட்டினால் நடுவில் தானாக அணைந்து மீண்டும் தொடங்கும். உடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகினால் அந்தத் தொல்லை நின்றுவிடும்.

டிஸ்க் சுழன்றும் கோப்புகள் தெரியாவிட்டால் அது எந்த முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கணினியில் பாருங்கள். FAT32 முறையை எல்லா டிவிகளும் படிக்கும், ஆனால் அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. NTFS முறையைப் பெரும்பாலானவை படிக்கும். exFAT முறையை எல்லாம் படிப்பதில்லை. மேக் கணினியில் அதன் சொந்த முறையில் தயாரித்த டிஸ்க் டிவியில் தோன்றாது. இன்னொரு எச்சரிக்கை: டிஸ்க்கைச் செருகியதும் ‘இதை ஃபார்மேட் செய்யவா’ என்று டிவி கேட்டால், உள்ளே குடும்பப் படங்கள் இருக்கும்போது ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

லேன் துளை, எட்டு முள்ளுள்ள இணைய ஒயருக்கானது. பெரும்பாலான டிவிகளில் அது விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் நின்றுவிடும். ரௌட்டர் அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதைவிட வேகமாகவே இருக்கும். ஆயினும் 4கே படம் ஒன்றுக்கு 25 மெகாபிட் அளவே போதும் என்பதால், சுவர் தாண்டி வைஃபை தடுமாறும் வீட்டில் ஒயரே நிம்மதி.

மிச்சமிருப்பவை உங்களுக்குத் தேவைப்படாதவை. மெல்லிய அட்டை நுழையும் நீளமான பிளவு இருந்தால் அது ஐரோப்பிய நாடுகளில் கட்டணச் சேனல்களுக்கான அட்டைப் பெட்டியைச் செருகும் இடம். நம் கேபிள் அட்டையையோ டிஷ் அட்டையையோ அதில் நுழைக்காதீர்கள். நீல நிறத்தில் 15 துளைகள் கொண்ட விஜிஏ பழைய கணினிகளுக்கானது. படம் மட்டும் வரும், ஒலிக்குத் தனி ஒயர் போட வேண்டும். சர்வீஸ் என்று எழுதிய துளை பழுது பார்ப்பவர் தன் கருவியை இணைப்பதற்கு. அதில் ஹெட்போனைச் செருகினால் ஒன்றும் கேட்காது.

மாட்டும் நாளன்று செய்ய வேண்டியதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். டிவி கட்டிலிலோ மேசையிலோ இருக்கும்போதே பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துளைகளில் சில பக்கவாட்டைப் பார்த்திருக்கும், சில நேராகப் பின்னால் பார்த்திருக்கும். நேராகப் பார்ப்பவற்றில் சாதாரண எச்டிஎம்ஐ முனையைச் செருகினால் அது சுவரில் முட்டி, நாளடைவில் துளையையே போர்டிலிருந்து பெயர்த்துவிடும். உங்களுக்கு வேண்டிய துளை அப்படி இருந்தால் ‘எல்’ வடிவத் திருப்புமுனை ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் மின்சாரத்திலிருந்து பிரித்துவிட்டு, சவுண்ட்பாரை ஏஆர்சி துளையிலும், செட்டாப் பாக்ஸை இன்னொரு எச்டிஎம்ஐயிலும், டிவிடி பிளேயரை அதன் ஏவி ஒயரிலும் இணையுங்கள். மூன்றாவது எச்டிஎம்ஐ துளைக்கு இப்போது கருவி இல்லாவிட்டாலும், பின்னால் கை நுழையாது என்பதால், ஒரு நீட்டிப்பு ஒயரைச் செருகி அதன் மறுமுனையை டிவிக்குக் கீழே தொங்கவிட்டு வைப்பது பிற்பாடு உதவும். யூஎஸ்பிக்கும் அப்படியே ஒரு நீட்டிப்பு போடலாம், ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கு அது அரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். நீளமான ஒயரில் மின்னழுத்தம் குறைந்து மீண்டும் ‘டிக்’ சத்தம் தொடங்கும்.

தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயரை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் செட்டாப் பாக்ஸில் திருகுங்கள். இடி மின்னல் நாட்களில் எல்லாவற்றுக்கும் முதலாகக் கழற்ற வேண்டியதும் அதுவே. நான் பழுது பார்த்த டிவிகளில், திரை நன்றாக இருந்து எச்டிஎம்ஐ துளைகள் மட்டும் செத்துப்போனவற்றில் பெரும்பாலானவை மழைக்காலத்தில் வந்தவை. மின்னல் டிவியின் மின்சார ஒயர் வழியாக மட்டும் வருவதில்லை. கம்பத்திலிருந்து கேபிள் வழியாகப் பாக்ஸுக்குள் புகுந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ ஒயரில் ஏறி டிவியின் போர்டைத் தொட்டிருந்தது. அதனால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல், அந்தத் திருகு முனையைக் கையால் எளிதில் எட்டிக் கழற்றும் இடத்தில் செட்டாப் பாக்ஸை வைக்கச் சொல்லுங்கள்.